குடம் நிறைந்திருக்கிறது, ஆனால் எத்தனை லிட்டர்?

பழைய லேப்டாப் பேட்டரிக்குள் விரல் பருமனில் உருளை செல்கள் இருக்கும். 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அப்படி ஒன்றை முழுதாகச் சார்ஜ் செய்து மல்டிமீட்டரில் பார்த்தால் 4.2 வோல்ட் காட்டும். புதிய செல்லும் அதையேதான் காட்டும். குடம் நிறைந்திருக்கிறது என்பது மட்டுமே இதில் தெரிகிறது. அடியில் சேறு படிந்து குடமே சிறுத்துப்போனது தெரியாது.

கொள்ளளவை அறிய ஒரே வழி, முழுவதையும் வெளியே எடுத்து அளப்பதுதான். செல்லின் மேல் 2600 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். முழுதாகச் சார்ஜ் செய்து ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். பிறகு, அந்த எண்ணில் ஐந்தில் ஒரு பங்கான 520 மில்லி ஆம்பியரை மாறாமல் இழுக்க வேண்டும். சாதாரண பல்பை மாட்டினால், மின்னழுத்தம் இறங்க இறங்க மின்னோட்டமும் குறைந்துகொண்டே போகும், கணக்கு சிக்கலாகிவிடும். சோதனைக் கருவி மின்னோட்டத்தை நிலையாகப் பிடித்துவைப்பதால் கடிகாரமே போதும். மின்னழுத்தம் 2.75 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே இழுத்தால் செல் கெட்டுவிடும். மூன்றரை மணி நேரம் ஓடியதென்றால் 520 × 3.5 = 1820. அச்சிட்டதில் 70 சதவீதம்தான் மிச்சம்.

ஆனால் இந்த 1820 நிதானமாக இழுத்ததால் கிடைத்தது. அதே செல்லை 2 ஆம்பியர் கேட்கும் டார்ச்சில் போட்டால் இவ்வளவு கிடைக்காது. காரணம் உள் மின்தடை, அதாவது குடத்தின் வாய் எவ்வளவு குறுகல் என்பது. அதை அறிய, ஓடிக்கொண்டிருக்கும் சுமையைச் சட்டென்று கூட்டிப் பார்ப்பார்கள். 0.2 ஆம்பியரில் 3.92 வோல்ட், 1.2 ஆம்பியருக்கு ஏற்றியதும் 3.82. ஒரு ஆம்பியர் கூடியதற்கு 0.10 வோல்ட் விழுந்திருக்கிறது. அப்படியானால் மின்தடை 0.1 ஓம், அதாவது 100 மில்லி ஓம். 2 ஆம்பியர் இழுக்கும்போது 0.2 வோல்ட் உள்ளேயே தொலையும். எனவே 2.75 என்ற எல்லை முன்னதாகவே வந்துவிடும். சுமையை எடுத்ததும் மின்னழுத்தம் மீண்டும் மேலேறும்.

சில கருவிகள் நொடிக்கு 1000 சுழற்சிகள் கொண்ட சிறு மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி நொடியில் மின்தடையைச் சொல்லிவிடும். அந்த வேகத்துக்கு உள்ளே நடக்கும் மெதுவான வேதி மாற்றங்கள் ஈடுகொடுக்காததால் எண் குறைவாகவே வரும். இரண்டு முறைகளின் எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

அளப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது செல் அல்ல, ஸ்பிரிங் ஹோல்டர்தான். ஸ்பிரிங்குக்கும் கம்பிக்கும் சேர்த்தே பல மில்லி ஓம் தடை உண்டு. அதனால் மின்னோட்டத்துக்கு இரண்டு கம்பிகள், மின்னழுத்தத்தைப் பார்க்க வேறு இரண்டு என நான்கை நேராகச் செல்லின் முனைகளில் தொடவைக்கிறார்கள். உங்கள் கருவியில் இரண்டுதான் என்றால் செல்லை எடுத்து, முனைகளைத் துடைத்து, சற்றுத் திருப்பி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். 100 காட்டியது 80 ஆனால், குறைந்த அந்த 20 செல்லுடையது அல்ல.