குளத்து மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பது ஏன்?

முதல் நாள் மாலை வரை ஒரு குறையும் தெரியாது. மறுநாள் காலையில் பார்த்தால் குளம் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கும். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பேச்சு கிளம்பும். தோட்டத்துக் குளமானாலும் பழைய ஈயக்குட்டையானாலும் இந்தச் சந்தேகம் எழுவது வழக்கம். ஆனால் அந்தக் குளத்து நீர் சில வாரங்களாகவே பட்டாணிக் கஞ்சி போலப் பச்சையாக இருந்திருந்தால், காரணம் பெரும்பாலும் விஷமாக இருக்காது. மீன்கள் மூச்சுத் திணறி இறந்திருக்கும்.

இதற்கு வழிவிடும் மாற்றத்தை ஆங்கிலத்தில் ‘யூட்ரோஃபிகேஷன்’ என்கிறார்கள். தமிழில் மிகையூட்டம் எனலாம். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘நல்ல ஊட்டம்’ என்பதுதான் பொருள். ஒரு குளம் சாவதற்கு வைத்த பெயர் இவ்வளவு இனிமையாக இருப்பது வேடிக்கைதான். ஆனால் பெயரில் தவறு இல்லை. குளத்துக்குள் போவது நஞ்சு அல்ல, உணவு. செம்பனைக்கும் காய்கறிக்கும் போட்ட உரம், மழையில் அடித்துக்கொண்டு வந்து பாசிக்கு உணவாகிறது.

உரத்தில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் குளத்துக்கு ஒரே வழியில் வருவதில்லை. நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி நீரில் எளிதில் கரைந்து, மண்ணுக்கு அடியில் ஊறிக்கூட வந்து சேரும். பாஸ்பரஸோ மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். நம் நாட்டுச் செம்மண்ணில் இரும்பு அதிகம் என்பதால் பிடி இன்னும் இறுக்கம். ஆகவே பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்ணோடு சேர்ந்துதான் பயணம் செய்கிறது. கனமழைக்குப் பிறகு கால்வாயில் ஓடும் சிவந்த நீரில் மண் மட்டும் போகவில்லை, உரமும் போகிறது.

நன்னீர்க் குளங்களில் பாசியின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவது பெரும்பாலும் பாஸ்பரஸ்தான். 1973ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் இதை ஒரு முழு ஏரியிலேயே சோதித்தார்கள். 226ஆம் எண் ஏரியின் குறுகலான இடுப்புப் பகுதியில் பிளாஸ்டிக் திரை ஒன்றைக் கட்டி, ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையானது. திரைக்கு மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் படம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. இந்த விதி எல்லா நீர்நிலைக்கும் பொருந்தாது. கடலோர நீரில் பல இடங்களில் கடிவாளம் நைட்ரஜனின் கையில் இருக்கிறது.

எவ்வளவு பாஸ்பரஸ் போதும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் பரப்பும் சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளம் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 60 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே குளம் அடர்ந்த பச்சையாக மாறக்கூடும். அப்படியானால் மொத்தக் குளத்துக்கும் தேவைப்படுவது 600 கிராம்.

கடையில் விற்கும் 15-15-15 கலப்பு உரத்தின் 50 கிலோ மூட்டையை எடுத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 15 என்பது பாஸ்பரஸ் ஆக்சைடின் விழுக்காடு. தனிப் பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் ஒரு மூட்டையில் ஏறக்குறைய 3.3 கிலோ இருக்கும். ஆக, அந்த மூட்டையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானது குளத்துக்குள் வந்தாலே போதும். சுற்றிலும் பல ஏக்கர் தோட்டம் இருந்து, உரம் போட்ட மறுநாளே கனமழை கொட்டினால், இவ்வளவு வந்து சேர்வது கடினமல்ல.

பாசி பெருகியவுடனே மீன் சாவதில்லை. பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளிவிடுவதால், பிற்பகல் மூன்று மணிக்கு நீரை அளந்தால் ஆக்சிஜன் தாராளமாகவே இருக்கும். சூரியன் மறைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பாசி ஆக்சிஜனை வெளிவிடுவது நின்றுவிடுகிறது, ஆனால் மற்ற உயிர்களைப் போல அது சுவாசிப்பது மட்டும் தொடர்கிறது. பாசி, மீன், அடிச்சேற்றின் பாக்டீரியா எல்லாம் இரவு முழுக்க ஒரே சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்கின்றன. சேமிப்பு மிகவும் குறைந்திருக்கும் நேரம் விடியலுக்குச் சற்று முன். மீன்கள் அந்த நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கிவிட்டால் பல மீன்களால் நீண்ட நேரம் தாங்க முடியாது.

அடுத்த கட்டம் இன்னும் மோசமானது. பாசி இறந்து அழுகும்போது, அதில் அடங்கிய ஒவ்வொரு கிராம் பாஸ்பரஸுக்கும் சுமார் 140 கிராம் ஆக்சிஜன் செலவாகும். 600 கிராமுக்கு 84 கிலோ. நம் குளத்து நீர் 30 பாகை வெப்பத்தில் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜனோ ஏறத்தாழ 45 கிலோதான். காற்றிலிருந்து புதிதாகக் கரைவது ஓரளவு ஈடுகட்டும். ஆனால் சில நாள் மேகமூட்டத்தில் பாசி மொத்தமாக இறந்து ஒரே நேரத்தில் அழுகினால், ஈடுகட்ட நேரம் இருக்காது. பச்சையைப் போக்க வேண்டும் என்று குளம் முழுக்க ஒரே நாளில் மயில்துத்தம் போடுவதும் இதே விளைவைத்தான் தரும். பாசி போகும், இரண்டொரு நாளில் மீனும் போகும்.

விஷமா, மூச்சுத் திணறலா என்பதைப் பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் உண்டு. விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியவை. மற்ற மீன்கள் செத்து மிதக்க, இவை மட்டும் பிழைத்திருந்தால் ஆக்சிஜன்தான் தீர்ந்திருக்கும் என்று சந்தேகிக்கலாம். நேரமும் துப்புக் கொடுக்கும். ஆக்சிஜன் குறைவால் நேரும் சாவு பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் நிகழும். நஞ்சுக்கு நேரம் காலம் கிடையாது. ஆனால் செத்த மீனை யாரும் சமைக்கக் கூடாது. நீரின் மேல் பச்சைச் சாயம் கொட்டியது போல ஏடு படிந்திருந்தால் அது நீலப்பச்சைப்பாசியாக இருக்கக்கூடும். அதில் சில வகைகள் ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நீரை நாயும் மாடும் குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடனடி உதவி என்றால் இரவு முழுக்க ஓடும் காற்றூட்டும் கருவிதான். மீன் வளர்ப்போர் அதைப் பகலில் ஓடவிட்டு இரவில் நிறுத்துவது காசுக்கும் கேடு, மீனுக்கும் கேடு. நீண்ட காலத்துக்கு, வருகிற உரத்தை நிறுத்த வேண்டும். கரையோரம் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லும் புதரும் வெட்டாமல் விட்டால், மண் அங்கே தங்கிவிடும். அதோடு வரும் பாஸ்பரஸும் கணிசமாகக் குறையும். கரைந்து வரும் நைட்ரேட்டை அது அவ்வளவு பிடிக்காது. கனமழை வரும் என்ற முன்னறிவிப்பு இருந்தால் உரம் போடுவதைத் தள்ளிப்போடுவதற்குச் செலவே இல்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் குளம் அடுத்த ஆண்டும் பச்சையாகலாம். பலர் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். பல ஆண்டுகளாக வந்த பாஸ்பரஸ் அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டிக் கிடக்கிறது. அடியில் ஆக்சிஜன் இல்லாமல் போகும்போது அந்தப் பிடி விட்டு, பாஸ்பரஸ் மீண்டும் நீரில் கலக்கிறது. வெளியிலிருந்து ஒரு பிடி உரம் வராவிட்டாலும் குளம் தன் பழைய சேமிப்பைக் கொண்டே பாசி வளர்க்கும். சிறிய குளமானால் வற்றவைத்துச் சேற்றை அள்ளலாம். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது திரும்பி வந்துவிடும். தள்ளிக் கொண்டுபோய் வயலில் போட்டால் அதுவே நல்ல உரம்.

குளம் தேறுகிறதா என்று பார்க்க விரும்புவோர் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன், அடிப்பகுதி நீரின் ஆக்சிஜனை அளக்க வேண்டும். நண்பகலில் மேல்நீரை எடுத்து அளந்தால், மிக மோசமான குளம்கூட நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.