ஓரம் வெட்டுப்பட்ட ஸ்டேட்மென்ட்: வங்கிக்கு எப்படி எழுதுவது?

திண்டுக்கல்லில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள். கிளையில் வாங்கிய அசல் தாள்கள் எங்கோ தவறிவிட்டன. கையில் இருப்பவை மகன் செல்போனில் எடுத்து வைத்திருந்த ஆறு படங்கள். அவற்றை வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார். ‘ஸ்டேட்மென்ட் சரியாகத் தெரியவில்லை’ என்று பதில் வருகிறது. அவரும் வங்கிக்கு, ‘ஸ்டேட்மென்ட் தெளிவாக இல்லை, வேறு தரவும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

அந்த ஒரு வரிதான் சிக்கல். எந்தக் கணக்கு, எந்தத் தேதி முதல் எதுவரை, எந்தப் பக்கத்தில் என்ன இல்லை என்பது அதில் இல்லை. கவுன்டரில் இருப்பவர் மூன்று மாதத்துக்கு மட்டும் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம்; அல்லது முன்பு கொடுத்த அதே வடிவத்தில் இன்னொரு பிரதி எடுத்துத் தரலாம்.

எனவே பேனாவை எடுப்பதற்கு முன், கோளாறு படத்திலா தாளிலா என்று பார்க்க வேண்டும். ஸ்டேட்மென்டில் தேதி, விவரம், காசோலை எண், பற்று, வரவு, இருப்பு என்று ஆறேழு பத்திகள் இருக்கும். அகலமான இந்தப் பட்டியலை ஏ4 தாளில் நெட்டுவாக்கில் அச்சிட்டால் கடைசிப் பத்தியான இருப்பு தாளுக்கு வெளியே போய்விடுவது உண்டு. படத்தில் தாளின் வலது விளிம்பும் பின்னால் உள்ள மேசையும் தெரிந்து, அப்படியும் பத்தி பாதியில் நின்றால் குறை அச்சில்தான். அப்போது, ‘தாளை அகலவாக்கில் வைத்து அச்சிடவும்’ என்று கேட்காவிட்டால் மறுபடியும் அதே வெட்டுதான் வரும். விளிம்பே தெரியவில்லை என்றால் குறை படத்தில். ஸ்கேன் செய்யும் செயலிகள் தாளின் ஓரத்தைத் தாமே கண்டுபிடித்து வெட்டுகின்றன. வெள்ளை மேசைமேல் வெள்ளைத் தாள் என்றால் அவை தடுமாறி, பட்டியலின் கோட்டையே ஓரம் என்று எடுத்துக்கொள்வது உண்டு.

அடுத்து, என்ன விடுபட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். தொகைகள் வலது ஓரம் ஒட்டி அச்சாகும். மற்ற வரிகளிலெல்லாம் ‘.00’ என்று பைசா இருக்க, ஒரு பக்கத்தில் மட்டும் பைசா இல்லையென்றால் அங்கே வெட்டு விழுந்திருக்கிறது. இடது பக்கம் மடிப்பில் மறைந்தால் ஆபத்து அதிகம்: 1,34,650 என்பது 34,650 என்று முழு எண் போலவே நிற்கும், பார்த்தால் சந்தேகமே வராது.

இதற்கு நம்பகமான சோதனை கூட்டல் கழித்தல்தான். முந்தைய இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் புதிய இருப்பு வர வேண்டும். நம் கடைக்காரரின் படங்களில் இரண்டாம் பக்கத்தின் கடைசி இருப்பு 86,400 ரூபாய். மூன்றாம் பக்கத்தில் இருப்புப் பத்தியே இல்லை. ஆனால் பற்று மூன்று தெரிகின்றன: 12,000, 3,500, 9,400. மொத்தம் 24,900. வரவு ஒன்று: 20,000. அப்படியானால் பக்க முடிவில் 81,500 இருக்க வேண்டும். நான்காம் பக்கத்தின் தலையில் ‘முன்கொணர்ந்த இருப்பு’ என்று இருப்பதோ 74,000. இடையில் 7,500 ரூபாய் காணோம். பத்தி மட்டும் போகவில்லை; தாளின் அடியில் ஒரு வரியாவது, ஒருவேளை அதற்கு மேலும், வெட்டுப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாத குறை இது.

கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டோமே என்று விடுபட்ட எண்ணைப் பேனாவால் எழுதிச் சேர்க்கக் கூடாது. வாங்குபவர் கண்ணுக்கு அது திருத்தப்பட்ட ஆவணம். கணக்கீடு கடிதத்துக்கு மட்டும்தான். அந்தக் கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: பெயர், முகவரி, வங்கியில் பதிவான செல்போன் எண்
பெறுநர்: கிளை மேலாளர், வங்கி, கிளையின் பெயர்
பொருள்: கணக்கு எண் ….., 01-07-2025 முதல் 31-12-2025 வரை, தெளிவான நகல் ஸ்டேட்மென்ட் வேண்டி

ஐயா/அம்மா,
மேற்கண்ட நடப்புக் கணக்கு என் பெயரில் உள்ளது. முன்பு பெற்ற ஸ்டேட்மென்டின் அசல் என்னிடம் இல்லை. செல்போனில் எடுத்த படங்கள் மட்டுமே உள்ளன. அவற்றில் கீழ்க்கண்ட குறைகள் இருக்கின்றன.
1. பக்கம் 3 (14-08-2025 முதல் 29-08-2025 வரை): இருப்புப் பத்தி முழுதும் இல்லை. அடியில் ஒரு வரியோ அதற்கு மேலோ விடுபட்டிருக்கலாம்; கணக்கில் 7,500 ரூபாய் வித்தியாசம் வருகிறது.
2. பக்கம் 5: மேல் ஓரம் வெட்டுப்பட்டுப் பத்தித் தலைப்புகள் இல்லை. எது பற்று, எது வரவு என்று தெரியவில்லை.
மேற்கண்ட காலம் முழுவதற்கும் எல்லாப் பத்திகளும் வரும்படி அகலவாக்கில் அச்சிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் வங்கி முத்திரையும் கையொப்பமும் இட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். உரிய கட்டணத்தை இக்கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.
இணைப்பு: பக்கம் 3, 5 ஆகியவற்றின் படப் பிரதி, அடையாள அட்டை நகல்.
தேதி, இடம், கையொப்பம்

இரண்டு பக்கத்தில்தான் குறை என்றாலும் ஆறு மாதத்துக்கும் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பழைய படம் நான்கு, புதிய தாள் இரண்டு என்று கலந்து கொடுத்தால் கடன் தருபவர் ஏற்கத் தயங்குவார். புதிதாக அச்சிடும்போது பக்கம் பிரியும் இடமும் மாறலாம். அதனால்தான் பக்க எண்ணோடு தேதியையும் எழுதுகிறோம்.

கையொப்பம் வங்கியில் உள்ள மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். கூட்டுக் கணக்கில், இருவரும் சேர்ந்தே இயக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் இருவரும் கையெழுத்திடுவது நல்லது. கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் என்றால் வங்கியில் பதிவான முகவரியிலிருந்தே அனுப்ப வேண்டும். நகலுக்கான கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும், ஜிஎஸ்டியும் சேரும். நெட்பேங்கிங் இருந்தால் இந்தக் கடிதமே தேவைப்படாமல் போகலாம்: பிடிஎஃப் கோப்பை இறக்கி, படம் எடுக்காமல் அப்படியே அனுப்பினால் ஓரம் வெட்டுப்பட வழியில்லை.

கேட்ட நகலைத் தராமலும் பதிலும் சொல்லாமலும் இருந்தால், முதலில் வங்கியிடமே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். சீல் வாங்கிய பிரதி அங்கே உதவும்.

வழக்குக்காக என்றால் கடிதத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். வங்கியாளர் புத்தகச் சான்றுச் சட்டம், 1891-இன்படி சான்றளித்த நகல் என்று கேட்க வேண்டும். கணினியிலிருந்து எடுத்த அச்சு என்பதால் அதோடு தனிச் சான்றிதழ்களும் இணைய வேண்டும். வெறும் சீல் அதற்குப் போதாது.

புதிய நகல் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே மூன்று இடத்தைப் பாருங்கள். பக்க எண் தொடர்ச்சியாக இருக்கிறதா, கடைசிப் பத்தியில் பைசா வரை தெரிகிறதா, ஒரு பக்கத்தின் முடிவு இருப்பு அடுத்த பக்கத்தின் தொடக்க இருப்போடு பொருந்துகிறதா? மூன்றும் சரியென்றால் தாளை அப்படியே கடன் கோப்பில் வைக்கலாம். செல்போனில்தான் அனுப்பியாக வேண்டும் என்றால், கருமையான துணியின்மேல் தாளை விரித்து, நான்கு மூலையும் தெரியும்படி நேர் மேலிருந்து எடுத்து, வாட்ஸ்ஆப்பில் படமாக அல்லாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சின்ன எழுத்து மங்கிவிடும்.