முதல் வேலைக்கு எவ்வளவு கேட்பது?

இறுதியாண்டு மாணவர்களிடம் ஃப்ரீலான்ஸ் பற்றிப் பேசக் கூப்பிட்டால், என் முதல் கிளையன்ட் கதையைத்தான் சொல்வேன். ஒரு பேக்கரிக்கு மெனு கார்டு. 1,500 ரூபாய் என்று பேசினேன். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பு.

"தம்பி, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா" என்று ஆரம்பித்தார். பிறகு பஃப்ஸ் விலை மாறியது. அப்புறம் அவர் மச்சானுக்கு எழுத்து பிடிக்கவில்லை. பதினோரு திருத்தம், மொத்தம் முப்பது மணி நேரம், அதுவும் செமஸ்டருக்கு முந்தின வாரத்தில். இரண்டு மாதம் கழித்துக் கையில் கொடுத்தது 1,200. மணிக்கு நாற்பது ரூபாய்!

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எத்தனை திருத்தம் என்று நான் சொல்லவே இல்லையே. அடுத்த வேலைக்கு, கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினேன்:

"மெனு கார்டு, இரண்டு பக்கம், 4,000 ரூபாய். பாதி அட்வான்ஸ். இரண்டு திருத்தம் இதில் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 400. நீங்கள் விலைப்பட்டியல் தந்த நாளிலிருந்து ஐந்து நாளில் தருகிறேன். சம்மதமா?"

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பட்டியலைப் பத்து நாள் இழுத்தடித்துவிட்டு, "நாளைக்குத் திறப்பு விழா" என்பார்கள். அப்போது கைகொடுப்பது அந்த வரிதான். பார்வைக்கு அனுப்புவது, குறுக்கே உங்கள் பெயர் போட்ட சின்ன அளவு ஜேபிஜி மட்டும். அச்சுக்கான பிடிஎஃப், மீதிப் பணம் வந்த பிறகு. அட்வான்ஸ் என்றதும் சிலர் பதிலே போட மாட்டார்கள். போகட்டும்.

ஃபைவர் போன்ற தளங்களில் இந்தப் பேரம் கிடையாது, ஆனால் கழிவு உண்டு. ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஆயிரத்துக்கு 800தான் உங்களுக்கு, அதுவும் புதியவர்கள் வேலை முடிந்து 14 நாள் காத்திருக்க வேண்டும். ரிவ்யூ ஒன்றுகூட இல்லாத கணக்குக்கு மாதக்கணக்கில் ஆர்டர் வராமலும் போகலாம். எனக்கு அடுத்தடுத்த வேலைகள் வந்தது பக்கத்துத் தெரு அச்சகத்திலிருந்து. டிசைன் இல்லாமல் வருகிற வாடிக்கையாளர் அங்கே தினமும் உண்டு. நாலு சாம்பிளோடு போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

ஆர்டர் வராமல் சோர்ந்திருக்கும் நேரம் பார்த்து, "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, பதிவுக் கட்டணம் 999 மட்டும்" என்று மெசேஜ் வரும். நம்மிடம் பணம் வாங்கிக்கொண்டு வேலை தருகிறேன் என்பவர் மோசடிக்காரர். தெரியாமல் கட்டிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.