'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, டாக்டர்!'

வீட்டுப் பெரியவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பிள்ளைகள் டாக்டரிடம் முதலில் கெஞ்சுவது இதைத்தான். பாசத்தில் கேட்பதுதான். ஆனால், டாக்டர் தலையாட்டலாமா?

பீச்சம், சில்ட்ரஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1979-ல் எழுதிய மருத்துவ அறநெறி நூல், இதற்கு நான்கு அளவுகோல்களைத் தருகிறது. நோயாளியின் விருப்பத்தை மதிப்பது, அவருக்கு நன்மை செய்வது, தீங்கு செய்யாமலிருப்பது, ஏழை, பணக்காரர் பாராமல் நியாயமாக நடப்பது.

ஓர் உதாரணம் பார்ப்போமா? அப்பாவுக்கு வயது 62. பெருங்குடலில் புற்றுநோய், வேறெங்கும் பரவவில்லை. ஆபரேஷனில் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. 'அல்சர்னு சொல்லிப் பண்ணிடுங்க' என்கிறார் மகன்.

டாக்டர் பார்க்கும் முதல் விஷயம், அவசரம். குடல் அடைத்து, நினைவில்லாமல் கிடந்தால் உயிரைக் காப்பதுதான் முதல் வேலை. இங்கே பேச அவகாசம் இருக்கிறது.

இரண்டாவது, அப்பாவின் தெளிவு. சொன்னதைப் புரிந்துகொண்டு, சாதக பாதகம் பார்த்து, முடிவைச் சொல்ல முடிகிறதா? 'நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேட்டாலே தெரிந்துவிடும். வயதை மட்டும் வைத்து, 'அவருக்கு ஒண்ணும் புரியாது' என்று ஒதுக்கக் கூடாது.

மூன்றாவது, அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்? 'எல்லாம் பையன் பாத்துப்பான்' என்று அவரே சொன்னால் அதுவும் அவர் விருப்பம்தான், மதிக்க வேண்டும். ஆனால், அதை அவர் வாயால் கேட்க வேண்டும், மகன் வாயால் அல்ல.

நான்காவது, எடை போடுவது. உண்மை தெரிந்தால் அப்பா ஒடிந்துபோவார் என்ற பயம் நியாயமானதே. மறைத்தால்? ஆபரேஷனுக்குப் பின் கீமோதெரபி தேவைப்பட்டால், 'அல்சருக்கு எதுக்கு இந்த ஊசி?' என்று பாதியில் நிறுத்திவிடுவார். பக்கத்துப் படுக்கைக்காரர் மூலம் தெரிந்தால், உங்கள் மீதும் டாக்டர் மீதும் நம்பிக்கை போய்விடும். நன்மை செய்வதாக நினைத்தது தீங்காகிவிடும்.

சட்டமும் இதையே சொல்கிறது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, அம்மாவின் சம்மதத்தோடு அகற்றிய வழக்கில் 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவருக்காக வேறொருவர் தந்த சம்மதம் செல்லாது என்றது.

ஆகவே, 'சொல்லலாமா?' என்பதை விட 'எப்படிச் சொல்வது?' என்பதுதான் கேள்வி. மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க?' என்று டாக்டர் தொடங்கலாம். பலருக்கு ஏற்கெனவே பாதி சந்தேகம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, குணமாகும் வாய்ப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடும் மன அழுத்தத்தில், உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பில் இருப்பவரென்றால், மனநல மருத்துவரைக் கலந்து சில நாள் தள்ளிப்போடலாம். அது தள்ளிப்போடுவதுதான், பொய் சொல்வதல்ல.