உபேக்கையும் அசட்டையும்: விசுத்திமக்கம் காட்டும் வேறுபாடு

பௌத்தம் கூறும் அளவிலாப் பண்புகள் நான்கு: மைத்திரி, கருணை, முதிதை, உபேக்கை. இவற்றுள் இறுதியானது தமிழில் பொருள் மயக்கத்திற்கு உள்ளாகிறது. வடமொழி வழி வந்த ‘உபேட்சை’ என்னும் சொல் தமிழ் வழக்கில் அசட்டையையே குறிக்கிறது. பாலி மரபு அசட்டையை உபேக்கையின் பொருளாக அன்றி அதன் பகையாகவே கொள்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கத்தின் ஒன்பதாம் இயலை அடிப்படையாகக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒவ்வொரு பண்புக்கும் அண்மைப்பகை, சேய்மைப்பகை என இரண்டினை அந்நூல் வகுக்கிறது. உபேக்கையின் சேய்மைப்பகை விருப்பும் வெறுப்பும். இவை வெளிப்படையாக முரண்படுவதால் எளிதில் இனங்காணப்படும். அண்மைப்பகையோ அறியாமையினின்று எழும் அசட்டை. குணங்குற்றங்களை ஆராயாத தன்மை இரண்டிலும் ஒத்திருப்பதால், ஒன்று மற்றொன்றாகத் தோற்றமளிக்கிறது. இரண்டிலும் இன்பமும் துன்பமும் அல்லாத நுகர்ச்சியே அமைவது இம்மயக்கத்தை மிகுவிக்கிறது. ஆயின் நுகர்ச்சி வேறு, மனத்தின் நடுவுநிலை வேறு. அந்நடுவுநிலையை அபிதம்மம் ‘தத்ரமஜ்ஜத்ததா’ எனத் தனி மனக்கூறாகக் கொண்டு, நற்சித்தங்களில் மட்டுமே வைக்கிறது. அறியா அசட்டையோ மோகத்தோடு கூடியது.

பயிற்சிமுறையும் இவ்வேறுபாட்டை உறுதிசெய்கிறது. முதல் மூன்று பண்புகளில் ஒன்றன்வழி மூன்றாம் தியானத்தை எய்தியவரே உபேக்கையைத் தொடங்க இயலும். மண்வட்டம் முதலிய கசிணங்களின்வழி அந்நிலையை எய்தியவருக்கு இது கைகூடாது. அங்குத் தியானப்பொருள் உயிர்கள் அல்ல. எனவே உயிர்களிடம் அன்பு முதிராத மனத்தில் உபேக்கை பிறப்பதில்லை.

பயில்பவர் முதலில் தமக்கு நண்பரோ பகைவரோ அல்லாத ஒருவரை உபேக்கையுடன் நோக்குகிறார். பின்னர் அன்புக்குரியவர், உற்ற தோழர், பகைவர் எனப் படிப்படியாக விரித்து, இறுதியில் தம்மையும் சேர்த்து எல்லைகளைத் தகர்க்கிறார். பகைவரை எண்ணுகையில் சினம் எழாதிருப்பது மட்டும் போதிய சான்றன்று. அவரைப் பொருட்படுத்தாமையாலும் சினம் எழாதிருக்கலாம். உயிர்கள் தத்தம் வினைக்கு உரியவை என்னும் தெளிவே உபேக்கையின் அண்மைக் காரணம். அத்தெளிவோடு விருப்பு வெறுப்புகள் அடங்குமாயின் உபேக்கை நிறைவுறுகிறது. அறியா அசட்டை தோன்றின் அது பிறழ்கிறது.

தாய்க்கு நான்கு மைந்தர் என்னும் உவமையும் இதனையே சுட்டுகிறது. குழந்தை வளர வேண்டும் என்றும், நோயுற்றவன் நலம்பெற வேண்டும் என்றும், இளைஞன் தன் இளமைப்பேற்றை நெடிது துய்க்க வேண்டும் என்றும் தாய் விழைகிறாள். தன் தொழிலைத் தானே நடத்தும் மைந்தனைப் பற்றி அவள் கவலைகொள்வதில்லை. அவள் அவனுக்கும் தாயே. அவனை மறந்ததால் அன்று, அவனை அறிந்ததால் கவலையொழிந்தாள். இவ்வறிதல் இல்லாதவிடத்து எஞ்சுவது அசட்டையே.