எண்ணை மாற்றினால் அடுத்தவர் பத்திரம்

அமெரிக்காவில் வீடு வாங்கும்போது சொத்துரிமைக்குக் காப்பீடு தரும் பெரிய நிறுவனங்களில் ஒன்று ஃபர்ஸ்ட் அமெரிக்கன். அது வாடிக்கையாளருக்கு அனுப்பும் இணைய முகவரியிலேயே ஆவணத்தின் எண் இருந்தது. அதில் ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும், வேறொருவரின் ஆவணம் திறந்தது, கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. வங்கிக் கணக்கு எண், வரி விவரம் உள்பட சுமார் 88.5 கோடி பதிவுகள் இப்படித் திறந்து கிடந்ததை 2019 மே மாதம் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளிக்கொணர்ந்தார்.

புதிய பதிவு வரும்போதெல்லாம் 1, 2, 3 என்று தரவுத்தளம் தானாகவே எண் போடுவதை ஆட்டோ இன்கிரிமென்ட் என்கிறார்கள். அடுத்த எண் என்னவென்று யாரும் ஊகிக்கலாம். வியாபார ரகசியமும் கசியும். ஒரு இணையக் கடையில் இந்தத் திங்கட்கிழமை வாங்கிய பொருளுக்கு `/orders/10412`, அடுத்த திங்கட்கிழமை வாங்கியதற்கு `/orders/10692` என்று வந்தால், ஒரு வாரத்தில் ஏறக்குறைய 280 ஆர்டர் என்று போட்டிக் கடைக்காரர் கணக்குப் போட்டுவிடுவார்.

இதற்கு மாற்றுதான் யுயுஐடி:

```
f47ac10b-58cc-4372-a567-0e02b2c3d479
```

நான்காம் வகை யுயுஐடியில் 122 பிட்டுகள் தற்செயலாக அமைபவை. இன்னொருவருடையதை ஊகிக்க முடியாது; மொத்தம் எத்தனை என்றும் தெரியாது.

ஆனால் அதற்கு விலை உண்டு. பெரிய முழு எண்ணுக்கு 8 பைட் போதும். யுயுஐடிக்கு 16 பைட் வேண்டும். எழுத்தாகவே சேமித்தால் 36. இடத்தைவிட வேகத்தில்தான் அடி பலம். வரிசை எண்ணாக இருந்தால் புதிய பதிவு இன்டெக்ஸின் கடைசிப் பக்கத்தில் போய்ச் சேரும். தற்செயல் எண்ணோ எந்தப் பக்கத்திலும் விழும். அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் வட்டிலிருந்து எடுக்க வேண்டும். நிரம்பியிருந்தால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சில ஆயிரம் பதிவுகளில் இது தெரியாது. இன்டெக்ஸ் நினைவகத்தை மீறி வளர்ந்ததும், புதிய பதிவுகளைச் சேர்ப்பது வெளிப்படையாகவே மெதுவாகும்.

2024இல் தரப்படுத்தப்பட்ட ஏழாம் வகை இந்தச் சிக்கலைக் குறைக்கிறது. அதன் முதல் 48 பிட்டுகளில் மில்லிவினாடி வரை நேரம் இருப்பதால், புதியவை பெரும்பாலும் கடைசியிலேயே சேரும். ஆனால் பதிவு எப்போது உருவானது என்பதை அதைப் பார்ப்பவர் எவரும் படித்துவிடலாம். ஒரு மருத்துவமனைச் செயலிக்கு அதுவே அதிகமான தகவலாக இருக்கக்கூடும்.

அதனால் பலரும் உள்ளே அட்டவணைகளை இணைக்க வரிசை எண்ணையும், வெளியே முகவரியில் காட்ட யுயுஐடியையும் வைக்கிறார்கள். எதை வைத்தாலும், கேட்பவருக்கு அந்த ஆவணத்தைப் பார்க்க உரிமை உண்டா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சோதித்தாக வேண்டும். யுயுஐடி உள்ள இணைப்பும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகும். ஃபர்ஸ்ட் அமெரிக்கனில் இல்லாமல்போனது அந்தச் சோதனைதான்.