டீலர் ஏன் வாங்கிக்கொண்டே போகிறார்?

பங்கை 60 டாலருக்கு வாங்கும் உரிமையை, அதாவது 100 பங்குக்கான கால் ஆப்ஷனை, டீலர் உங்களுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை விலை 50 என்றால், நஷ்டத்துக்குக் காப்பாக அவர் 30 பங்கு வைத்திருப்பார். விலை 60ஐத் தொட்டதும் சுமார் 50 வேண்டும். விருப்பம் இருக்கோ இல்லையோ, இன்னும் 20 வாங்கியே ஆகணும். ஆயிரம் ஆப்ஷன் விற்றிருந்தால் 20,000 பங்கு! அந்த வாங்கலே விலையை ஏற்றும், ஏறினால் மறுபடி வாங்கணும். இதுதான் காமா ஸ்குவீஸ்.

இதற்கு உதாரணமாக 2021 ஜனவரியில் எகிறிய கேம்ஸ்டாப் பங்கைத்தான் எல்லாரும் சொல்வோம், நானும்தான். ஆனால் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் 2021 அக்டோபர் அறிக்கை, அங்கே அதற்கு ஆதாரம் இல்லை என்றது. டீலர்கள் கால் ஆப்ஷன்களை விற்கவில்லை, வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவருக்குக் காப்பு நேரெதிர்: விலை ஏற ஏறப் பங்கை விற்பார். ஆகவே, ஆப்ஷன் வியாபாரம் பெருகியதா என்று மட்டும் பார்க்காதீர்கள். டீலர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள்.